டயாலிசிஸ் நாளில் எந்த மாத்திரை முன்பு, எது பின்பு: அட்டவணை போடும் முறை

டயாலிசிஸ் யூனிட்டில் நோயாளிகளின் மருந்துச் சீட்டைப் பார்த்து, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்களிடம் இரண்டு விதமான தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சிலர் வழக்கம்போல் காலை மாத்திரை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வந்து படுக்கிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்ட சிலர், டயாலிசிஸ் அன்று ஒரு மாத்திரையும் போடாமலே விட்டுவிடுகிறார்கள். முதலாவதில் பாதி மருந்து இயந்திரத்தோடு போய்விடும், அல்லது நடுவில் பிரஷர் இறங்கிவிடும். இரண்டாவதில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மருந்தே இல்லாமல் உடம்பு இருக்கும்.

இங்கே சொல்வதை வைத்து நீங்கள் ஒரு வரைவு அட்டவணை போடலாம். அதை உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே நேரத்தை மாற்றுங்கள். ஒரே மாத்திரையை ஒருவருக்கு இதயத்துக்காகவும் இன்னொருவருக்குப் பிரஷருக்காகவும் கொடுத்திருப்பார்கள். தள்ளிப்போடலாமா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கும்.

1. முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

மருந்துச் சீட்டு மட்டும் போதாது. மாத்திரை அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும். இயந்திரம் எதை இழுக்கும் என்று பார்க்க அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் வேண்டும்.

கூட்டு மாத்திரைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். டெல்மிசார்டனும் மெட்டோப்ரோலாலும் சேர்ந்த மாத்திரை நம் கடைகளில் கிடைக்கிறது. அதில் மெட்டோப்ரோலால் டயாலிசிஸில் வெளியேறும், டெல்மிசார்டன் வெளியேறாது. ஒரே மாத்திரையாக இருக்கும்வரை இரண்டையும் வேறு வேறு நேரத்துக்கு மாற்ற முடியாது. அதனால் பிரித்து எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

இதயம், சர்க்கரை, நரம்பு என்று வேறு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளும் வேண்டும். கடைசியாக, யூனிட்டில் உங்கள் ஃபைலைக் கேட்டு, சென்ற சில டயாலிசிஸ்களின் பிரஷர் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தொடங்கும்போது, நடுவில், முடிந்தபோது. அந்த மூன்று எண்கள் இல்லாமல் பிரஷர் மாத்திரையின் நேரத்தைத் தொடவே கூடாது.

2. ஒவ்வொரு மருந்திடமும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: இயந்திரம் இந்த மருந்தை வெளியே இழுக்குமா? ரத்தத்தில் தனியாக மிதக்கிற, தண்ணீரில் கரைகிற, சிறிய மூலக்கூறுகள் டயலைசரின் சவ்வைத் தாண்டிப் போய்விடும். ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் மருந்து போகாது, ஏனென்றால் அந்தப் புரதம் சவ்வைத் தாண்டாது. ரத்தத்தை விட்டுத் தசையிலும் கொழுப்பிலும் போய்த் தங்கிவிடும் மருந்தும் அவ்வளவாகப் போகாது. இயந்திரத்துக்குக் கிடைப்பது ரத்தத்தில் இருக்கும் கொஞ்சம்தான்.

இரண்டாவது கேள்வி: இது டயாலிசிஸ் நடக்கும்போது பிரஷரை இறக்குமா? நான்கு மணி நேரத்தில் இரண்டு, மூன்று லிட்டர் நீரை எடுக்கும்போது பிரஷர் தானாகவே இறங்கப் பார்க்கும். அதன் மேல் மாத்திரையும் வேலை செய்தால் தலைசுற்றல், வாந்தி, கால் குரக்களி எல்லாம் வரும்.

மூன்றாவது: இது சாப்பாட்டோடு போட வேண்டியதா, வெறும் வயிற்றில் போட வேண்டியதா?

புதியவர்கள் தடுமாறுவது முதல் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போதுதான். அம்லோடிபைனை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இயந்திரம் இழுக்காது. அப்படியும் சிலருக்கு அதை டயாலிசிஸுக்குப் பிறகு போடச் சொல்கிறோம், காரணம் பிரஷர். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லை. அதையும் பிறகு போடச் சொல்கிறோம், காரணம் அது கழுவிப் போய்விடும். காரணம் தெரிந்தால்தான், நேரம் மாறும்போது எதை எங்கே நகர்த்துவது என்று தெரியும்.

3. கழுவிப் போகிறவை, போகாதவை

அடிக்கடி சீட்டில் வருகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

டயாலிசிஸில் கணிசமாக வெளியேறுபவை: பி காம்ப்ளெக்ஸ், ஃபோலிக் ஆசிட், வைட்டமின் சி. பிரஷர் மருந்துகளில் அட்டெனோலால், மெட்டோப்ரோலால், எனலாப்ரில், லிசினோப்ரில். நரம்பு வலிக்கான கபாபென்டின், ப்ரீகாபலின். யூரிக் ஆசிடுக்கான அல்லோப்யூரினால் (உடலுக்குள் அது மாறி உண்டாகும் பொருள்தான் வெளியேறுகிறது). வலிப்புக்கான லெவெட்டிராசெட்டம். ஆன்டிபயாடிக்குகளில் அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல். பூஞ்சை நோய்க்கான ஃப்ளூக்கோனசோல். இவற்றுக்குப் பொது விதி ஒன்றுதான்: டயாலிசிஸ் அன்று, முடிந்த பிறகு போடுங்கள். லெவெட்டிராசெட்டம் மட்டும் விலக்கு, அதை எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

வெளியேறாதவை, அல்லது மிகக் கொஞ்சமே வெளியேறுபவை: அம்லோடிபைன், நிஃபெடிபைன், டெல்மிசார்டன், லோசார்டன், கார்வெடிலால், ப்ரசோசின், அடோர்வாஸ்டாட்டின், க்ளோபிடோக்ரெல், பான்டோப்ரசோல், தைராக்சின், ஃபெனிடாயின், டிகாக்ஸின். அளவைப் பொறுத்தவரை இவற்றுக்கு டயாலிசிஸ் நேரம் ஒரு பொருட்டே இல்லை.

பாஸ்பரஸ் மாத்திரைகளான செவெலமர், கால்சியம் அசிடேட் ஆகியவை இரண்டு பட்டியலிலும் வராது. அவை குடலில் உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடிக்கத்தான். சாப்பாடு இருந்தால் மாத்திரை உண்டு, சாப்பாடு இல்லையென்றால் இல்லை. யூனிட்டில் நடுவில் இட்லி கொடுத்தால் அதோடு போடலாமா என்று கேட்பார்கள். முழுச் சாப்பாடு என்றால் போடலாம், இரண்டு பிஸ்கட்டுக்குத் தேவையில்லை.

4. பிரஷர் மாத்திரைக்குத் தனி யோசனை வேண்டும்

"காலையில எல்லாத்தையும் குடுத்துட்டுத்தான் சார் கூட்டிட்டு வந்தேன், இருந்தும் ஏன் இறங்குது?" என்று ஒரு அம்மா கேட்டார். எல்லாவற்றையும் கொடுத்ததால்தான் இறங்கியது. மூன்று பிரஷர் மாத்திரைகளை ஐந்து மணிக்கு விழுங்கிவிட்டு ஆறு மணிக்கு ஊசி குத்திக்கொண்டால், மாத்திரை உச்சத்தில் வேலை செய்யும் நேரமும் நீர் எடுக்கும் நேரமும் ஒன்றாகிவிடும்.

இறங்குவதற்கு முன் உடம்பு சொல்லும். விடாமல் கொட்டாவி, நெற்றியில் வியர்வை, கெண்டைக்காலில் இழுப்பு, வயிற்றைப் புரட்டுவது. உடனே டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும். அவர் நீர் எடுப்பதை நிறுத்தி, தேவைப்பட்டால் சலைன் கொடுப்பார். அப்படி நிறுத்த நிறுத்த, அன்றைக்கு எடுக்க வேண்டிய நீர் உள்ளேயே தங்கிவிடும், அடுத்த முறை மூச்சு வாங்கும். ஆகவே இது அன்றைக்கு மட்டுமான அசௌகரியம் இல்லை.

ஆனால் எல்லோரும் காலை பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதும் தவறு. சிலருக்கு நீர் எடுக்க எடுக்கப் பிரஷர் ஏறும். 180-ல் தொடங்கி 200-ல் முடிகிறவர் காலை மாத்திரையை விட்டால் ஆபத்து. அதனால்தான் அந்த மூன்று எண்களைக் கேட்டேன். நடுவில் இறங்குகிறவருக்கு ஒரு நேரம், ஏறுகிறவருக்கு இன்னொரு நேரம்.

இரண்டு மருந்துகளை எந்தக் காரணத்துக்காகவும் திடீரென்று விடக் கூடாது. க்ளோனிடின் ஒன்று. விட்டால் பிரஷர் முன்பைவிட மேலே எகிறும். மெட்டோப்ரோலால், அட்டெனோலால், கார்வெடிலால் போன்ற வகை இன்னொன்று. இதய நோய் உள்ளவர் இதை விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம். இவற்றின் நேரத்தை நகர்த்தலாம், மாத்திரையை விடக் கூடாது.

டயாலிசிஸ் முடிந்து பிரஷர் மாத்திரை போடும் முன் ஒருமுறை அளந்து பாருங்கள். முடிந்தவுடன் குறைவாக இருந்தால், எந்த அளவுக்குக் கீழே மாத்திரை போடக் கூடாது என்று மருத்துவரிடம் ஓர் எண் எழுதி வாங்கி வைத்திருங்கள். இதை நோயாளியே ஊகித்து முடிவு செய்யும்படி விடுவதுதான் நான் பார்க்கும் பெரிய குறை.

5. ஒரு சீட்டை எடுத்து அட்டவணை போடுவோம்

ஐம்பத்தாறு வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயும் வெள்ளியும், காலை 6 முதல் 10 வரை டயாலிசிஸ். தொடங்கும்போது மேல் பிரஷர் 150, மூன்றாம் மணியில் 95. சீட்டில் இருப்பவை: காலையில் தைராக்சின் 50 மைக்ரோகிராம், மெட்டோப்ரோலால் 50, டெல்மிசார்டன் 40, அம்லோடிபைன் 5, பி காம்ப்ளெக்ஸ். மூன்று வேளையும் செவெலமர் 800. இரவில் அடோர்வாஸ்டாட்டின், ப்ரீகாபலின் 25.

வழக்கமாக எல்லோரும் செய்வது, டயாலிசிஸ் நாளுக்கு ஓர் அட்டவணை, இடைநாளுக்கு இன்னோர் அட்டவணை. எழுதும்போது நன்றாக இருக்கும், வீட்டில் நிற்காது. செவ்வாய்க்கிழமை மதியம் போட வேண்டியதைக் காலையிலேயே போட்டுவிட்டு வருவார்கள், அல்லது புதன் அன்று இரண்டு முறை போட்டுவிடுவார்கள். நான் பார்ப்பது வேறு: டயாலிசிஸ் நாளுக்கும் இடைநாளுக்கும் பொதுவாக, எந்த நாளிலும் டயாலிசிஸுக்குப் பிறகே வரும் ஒரு நேரம் இருக்கிறதா என்று. இவருக்கு மதியம் 1 மணி அப்படிப்பட்ட நேரம்.

தைராக்சின் வெளியேறாது, பிரஷரைத் தொடாது, வெறும் வயிறு மட்டும் வேண்டும். விடியற்காலை 4.30-க்கு எழுந்ததும் போட்டுவிடலாம், எல்லா நாளும் அப்படியே. ஒரே நிபந்தனை, செவெலமருக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் செவெலமர் தைராக்சினையும் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். டயாலிசிஸ் அன்று டிபன் 11 மணிக்கு, பிரச்சினை இல்லை. இடைநாளில் டிபனை 8.30-க்கு மேல் வைத்துக்கொண்டால் சரி.

மெட்டோப்ரோலால் வெளியேறும், பிரஷரையும் இறக்கும். இரண்டு காரணமும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லா நாளும்.

டெல்மிசார்டனும் அம்லோடிபைனும் வெளியேறாது. ஆனால் மூன்றாம் மணியில் 95 என்பதால் இரண்டையும் காலையிலிருந்து எடுக்க வேண்டும். மூன்று பிரஷர் மாத்திரையையும் ஒன்றாக மதியம் 1 மணிக்குக் குவித்தால் மாலையில் தலைசுற்றும். டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் அது இன்னும் மோசம். இரண்டையும் இரவில் வைத்தால் பாத்ரூம் போக எழும்போது விழ வாய்ப்பு உண்டு. அதனால் ஒன்று மதியம், ஒன்று இரவு என்று பிரிப்போம். அம்லோடிபைனை மெட்டோப்ரோலாலோடு மதியத்துக்கும், டெல்மிசார்டனை இரவுக்கும் வைத்து மருத்துவரிடம் காட்டினால், பெரும்பாலும் இதையோ இதைப் புரட்டிப் போட்டதையோ ஒப்புக்கொள்வார்.

பி காம்ப்ளெக்ஸ் மதியம். ப்ரீகாபலினும் அடோர்வாஸ்டாட்டினும் ஏற்கெனவே இரவில் இருக்கின்றன, தொட வேண்டாம்.

முடிவில், விடிகாலை ஒன்று, மதியம் மூன்று, இரவு மூன்று, சாப்பாட்டோடு செவெலமர். செவ்வாய், வெள்ளி, மற்ற நாள் எல்லாம் ஒரே பட்டியல். மாறுவது டிபன் நேரம் மட்டும்தான்.

மாற்றும் முதல் நாளில் ஒரு கவனம் வேண்டும். காலை மாத்திரையை மதியத்துக்கு நகர்த்தும் நாளில் காலையில் போடாதீர்கள், மதியம் மட்டும். மாற்றிய பிறகு நான்கைந்து டயாலிசிஸ்களின் பிரஷரைப் பாருங்கள். மூன்றாம் மணியில் இறங்குவது நின்று, தொடங்கும்போதும் ஏறாமல் இருந்தால் நேரம் பொருந்திவிட்டது. மாத்திரை நேரத்தை மாற்றியும் இறங்கிக்கொண்டே இருந்தால், காரணம் மாத்திரையில் இல்லாமல் இருக்கலாம். உலர் எடையை, அதாவது கூடுதல் நீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையை, குறைவாக வைத்திருப்பதோ, இடைநாளில் அதிகமாக நீர் ஏறுவதோ காரணமாக இருக்கும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலைச் சாப்பாட்டுக்கான இன்சுலினை வீட்டில் போட்டுவிட்டு, சாப்பாட்டை டயாலிசிஸுக்குப் பிறகு தள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நடுவில் இறங்கி, அதைப் பிரஷர் இறங்கியதாகவே எல்லோரும் நினைத்துக்கொள்வோம். அந்த ஊசி சாப்பாட்டோடு சேர்ந்தது. சாப்பாடு தள்ளினால் ஊசியும் தள்ள வேண்டும். டயாலிசிஸ் நாளுக்கான அளவை மருத்துவரிடம் தனியாக எழுதி வாங்குங்கள்.

6. ஷிப்ட் மாறினால் அட்டவணையும் மாறும்

அதே மனிதருக்கு மாலை 4 முதல் 8 வரை இடம் மாறுகிறது. இப்போது மதியம் 1 மணி ஆபத்தான நேரம். அப்போது போட்ட மெட்டோப்ரோலாலும் பி காம்ப்ளெக்ஸும் மூன்று மணி நேரத்தில் இயந்திரத்துக்குப் போய்விடும். இரண்டும் இரவு 9 மணிக்குப் போக வேண்டும். இரவில் இருந்த டெல்மிசார்டனை விடிகாலைக்கு நகர்த்தலாமா, அம்லோடிபைனை அங்கே வைக்கலாமா என்பது மாலை டயாலிசிஸில் பிரஷர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது.

யூனிட்டில் ஷிப்ட் மாற்றும்போது இதை யாரும் தானாக நினைவூட்டுவதில்லை. இடம் மாறுகிறது என்று சொன்னவுடனே, "மாத்திரை நேரத்தையும் பார்த்துத் தாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

7. புதிதாக ஆன்டிபயாடிக்கோ டிபி மருந்தோ சேர்ந்தால்

காலில் புண் என்று வேறொரு மருத்துவரிடம் போய், காலை இரவு என்று அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் எழுதி வாங்கி வருவார்கள். டயாலிசிஸ் செய்கிறவர் என்று அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள். எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதே சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு வேறு. முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம்தான் நேரம்: டயாலிசிஸ் அன்று ஒரு வேளை கட்டாயம் முடிந்த பிறகு வர வேண்டும். காலையில் போட்டது கழுவிப் போய், புண் ஆறாமல் இருக்க, மருந்து பிடிக்கவில்லை என்று அதைவிடப் பெரிய ஆன்டிபயாடிக்குக்கு மாற்றுவது நடக்கிறது. அசித்ரோமைசினுக்கும் டாக்ஸிசைக்ளினுக்கும் இந்தக் கவலை இல்லை. வான்கோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகளை யூனிட்டிலேயே டயாலிசிஸின் கடைசியிலோ முடிந்த பிறகோ கொடுப்பார்கள்.

டிபி மருந்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நான்கு மருந்துகளும் சேர்ந்த கூட்டு மாத்திரையைத் தினமும் போடுவதுதான் பொதுவான முறை. அதில் உள்ள பைராசினமைடும் எதாம்ப்யூட்டாலும் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு உடம்பில் தேங்கும். எதாம்ப்யூட்டால் தேங்கினால் கண் பாதிக்கும், பச்சை சிவப்பு வேறுபாடு மங்குவது அதன் அடையாளம். அதனால் இந்த இரண்டையும் வாரத்துக்கு மூன்று முறை மட்டும் தருவார்கள். டயாலிசிஸ் நாளில் வந்தால் முடிந்த பிறகு. ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் தினமும். இதற்குத் தனித்தனி மாத்திரைகள் வேண்டும். கூட்டு மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு இப்படிப் பிரிக்க முடியாது. டிபி மையத்திலும் யூனிட்டிலும் ஒருவருக்கொருவர் தெரியும்படி எழுதி வாங்குங்கள்.

8. தள்ளிப்போடக் கூடாத இரண்டு

லெவெட்டிராசெட்டம் நான்கு மணி நேர டயாலிசிஸில் பாதி அளவுக்கு வெளியேறிவிடும். அப்படியானால் காலை மாத்திரையை முடிந்த பிறகு போடலாமே என்று தோன்றும். கூடாது. முந்தின இரவு போட்டது குறைந்துகொண்டே வரும் நேரத்தில் இயந்திரமும் இழுத்தால், படுக்கையிலேயே வலிப்பு வரலாம். காலை மாத்திரையை வழக்கம்போல் போட்டு, போனதை ஈடுகட்ட டயாலிசிஸ் முடிந்தபின் கூடுதலாக ஒரு வேளை போடுவதுதான் முறை. அந்தக் கூடுதல் அளவு பொதுவாக 250 முதல் 500 மில்லிகிராம் வரை, உங்களுக்கு எவ்வளவு என்பது சீட்டில் இருக்க வேண்டும். ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் போடுகிறவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது.

மிடோட்ரின் இன்னொன்று. பிரஷர் இறங்குகிறவர்களுக்கு அதை ஏற்றித் தாங்கிப் பிடிக்கக் கொடுப்பது. அதுவும் டயாலிசிஸில் வெளியேறும்தான். ஆனாலும் தொடங்குவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு போட்டால்தான் பயன். "வெளியேறுவது எல்லாம் பிறகு" என்று மனப்பாடம் செய்தவர்கள் இதையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக்கொள்வார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை, போட்டுவிட்டுப் படுத்தால் பிரஷர் ஏறவும் செய்யும்.

9. டயாலிசிஸ் தவறிய நாளில்

ஃபிஸ்டுலா வேலை செய்யவில்லை, பஸ் இல்லை, வீட்டில் ஒரு காரியம். ஏதோ காரணத்தால் போக முடியவில்லை. சீட்டில் "டயாலிசிஸுக்குப் பிறகு ஒன்று" என்று எழுதிய மாத்திரையை என்ன செய்வது?

அது எதற்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். லெவெட்டிராசெட்டத்தின் கூடுதல் வேளை, வெளியேறியதை ஈடுகட்ட. எதுவும் வெளியேறவில்லை, அதனால் அன்று அது வேண்டாம். அதன் காலை, இரவு மாத்திரைகள் வழக்கம்போல். பிரஷர் மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போடலாம், நீர் எடுக்கவில்லை என்பதால் பிரஷர் ஏறித்தான் இருக்கும்.

கவலைப்பட வேண்டியது கபாபென்டினும் ப்ரீகாபலினும். சிறுநீரகம் இல்லாதவருக்கு இவை வெளியேற டயாலிசிஸ்தான் முக்கிய வழி. டயாலிசிஸ் தவறினால் பழையது உள்ளேயே இருக்கும், அதன் மேல் புதியது சேரும். பகலிலும் தூங்கி வழிவது, பேச்சு குழறுவது, நடக்கும்போது தள்ளாடுவது, கைகால் திடீர் திடீரென்று துள்ளுவது இதன் அடையாளங்கள். வீட்டில் பக்கவாதம் என்று பயந்துவிடுவார்கள், அல்லது அசதி என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் இல்லாமல், அடுத்த வேளையைப் போடாமல் யூனிட்டுக்குப் போன் செய்து, உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள். பக்கவாதமா இல்லையா என்று அங்கே பார்த்துச் சொல்லட்டும். மருந்து தேங்கியதுதான் என்றால் டயாலிசிஸ் செய்ததும் தெளிந்துவிடும். அட்டவணையின் கீழே, "டயாலிசிஸ் தவறினால் இதைப் போடக் கூடாது" என்று ஒரு வரியில் எந்தெந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி, மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.